“அழைப்பை இணையுங்கள்” என்று ஒருவர் அவசரப்படுத்தும்போது

சுங்கை சிப்புட் பட்டணத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்தது, பேட்டரி உப்பியது, சார்ஜ் ஏறவில்லை என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள்தாம் என் வாடிக்கையாளர்கள். கொஞ்ச காலமாக வேறொரு வகையினரும் வருகிறார்கள். அவர்களுடைய கைப்பேசியில் ஒரு குறையும் இருக்காது. “தம்பி, என் வாட்சாப் என்னை வெளியே தள்ளிவிட்டது. திரும்ப உள்ளே போக முடியவில்லை” என்பார்கள். என்ன நடந்தது என்று கேட்டால், பலரும் சொல்வது ஒரே கதை. யாரோ அழைத்தார், பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னோர் அழைப்பு வந்தது, இரண்டையும் இணைக்கச் சொன்னார், இணைத்தேன்.

திறன்பேசிக்குப் புதியவர்களுக்காக, முக்கியமாகப் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போய்விட, ஊரில் தனியாகக் கைப்பேசியோடு இருக்கும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த ஏமாற்று வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை உங்கள் கையாலேயே செய்து பார்த்துவிட்டால், பிறகு இதில் சிக்குவது கடினம். அதனால் முதலில் ஒரு சிறு சோதனை.

வீட்டில் செய்து பாருங்கள்

மூன்று கைப்பேசிகள் வேண்டும். உங்களுடையது ஒன்று, வீட்டிலுள்ளவர்களுடையவை இரண்டு. மூன்று பேரும் வெவ்வேறு இடத்தில் நில்லுங்கள். ஒருவர் அடுப்படியில், ஒருவர் வாசலில் என்று. வாட்சாப் வழியாக அல்லாமல், சாதாரண அழைப்பாக மகள் உங்களை அழைக்கட்டும். பேசத் தொடங்கியதும் மகனும் உங்களை அழைக்கட்டும். காதில் “டொக், டொக்” என்று ஓர் ஒலி கேட்கும். திரையில் இரண்டாவது அழைப்பு தெரியும். அதை எடுங்கள். ஐபோனாக இருந்தால் “Hold & Accept” என்ற பொத்தானைத் தொட வேண்டும்.

இப்போது கவனியுங்கள். மகன் பேசுவது உங்களுக்கு மட்டுமே கேட்கிறது. மகள் காத்திருப்பில் இருக்கிறாள். அவளுக்கு உங்கள் குரலும் கேட்காது, மகன் குரலும் கேட்காது. இரண்டாவது அழைப்பை எடுத்ததால் மட்டும் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதை இங்கே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, திரையைப் பாருங்கள். “Merge” அல்லது “Merge calls” என்று ஒரு பொத்தான் இருக்கும். இரண்டு கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து மேலே போகும் அம்புக்குறிபோல் அதன் படம் இருக்கும். அதைத் தொடுங்கள். அந்த நொடியிலிருந்து மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடும். மகன் சொல்வது மகளுக்குக் கேட்கும். மகனிடம் “53 என்று சொல்” என்று முன்பே சொல்லி வைத்திருங்கள். வாசலிலிருந்து மகள் அந்த 53-ஐத் திருப்பிச் சொல்வாள்.

இதில் மகனின் திரையை வாங்கிப் பாருங்கள். அங்கே எதுவும் மாறியிருக்காது. அவன் உங்களை மட்டும் அழைத்ததாகத்தான் அவனுடைய கைப்பேசி நினைத்துக்கொண்டிருக்கும். அழைப்பை இணைப்பது உங்கள் பக்கத்துத் தொலைபேசி வலையமைப்பு செய்கிற வேலை. மறுமுனைக்கு அது தெரியாது. மறுமுனையில் மகனுக்குப் பதிலாக ஒரு கணினி இருந்தாலும் இதே நிலைதான். ஏமாற்று முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கிராணியார் வீட்டில் நடந்தது

தோட்டத்தில் கிராணியாராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், மாரியம்மன் கோயில் செயலவையில் பொருளாளர். அவருடைய அனுமதியோடு இதைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல், பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவருக்கு அழைப்பு வந்தது. தெரியாத எண்தான். ஆனால் பேசியவர் நல்ல தமிழில், பணிவாகப் பேசினார்.

“வணக்கம் ஐயா. திருவிழாவுக்கு அன்னதானம் கொடுக்க விரும்புகிறோம். தலைவர்தான் உங்கள் எண்ணைக் கொடுத்தார். பொருளாளர் ஐயாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள் என்றார்.”

தலைவரின் பெயரையும் சரியாகச் சொன்னார். அது எப்படித் தெரியும்? கோயிலின் வாட்சாப் குழுவில் இருந்த ஓர் உறுப்பினரின் கணக்கை அதற்கு இரண்டு நாள் முன்னரே திருடியிருந்தார்கள். அந்தக் கணக்கு உள்ளே இருந்தால் குழுவிலுள்ள அத்தனை பேருடைய எண்ணும் தெரியும். யார் தலைவர், யார் பொருளாளர் என்பது அடுத்தடுத்து வரும் செய்திகளில் தெரிந்துவிடும். ஆகவே, அழைப்பவர் நம் ஆள்களின் பெயரைச் சொல்கிறார் என்பது எதற்கும் சான்று ஆகாது.

எத்தனை பேருக்குச் சாப்பாடு, எந்த நாள், ரசீது உண்டா என்று அவர் இரண்டு மூன்று நிமிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கிராணியாரும் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பேச்சுக்கு நடுவில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. குறுஞ்செய்தி ஒன்று வந்திருந்தது. பேசும்போது யார் பார்ப்பார்கள்? அவரும் பார்க்கவில்லை.

பிறகு அந்த ஆள் சொன்னார்: “ஐயா, தலைவர் இப்போது வேறு எண்ணிலிருந்து உங்களை அழைப்பார். மூவரும் சேர்ந்து பேசி முடித்துவிடலாம். வந்ததும் எடுத்து, உடனே ‘மெர்ஜ்’ பொத்தானைத் தொட்டுவிடுங்கள். தலைவர் அவசரமாக வெளியே போக வேண்டுமாம்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டாவது அழைப்பு வந்தது. வெளிநாட்டு எண் போலிருந்தது. கிராணியார் எடுத்தார், இணைத்தார். தலைவரின் குரல் வரவில்லை. ஒரு பெண்ணின் இயந்திரக் குரல், ஆங்கிலத்தில், ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்தி ஆறு எண்களைச் சொன்னது. மறுபடியும் அதையே சொன்னது. “என்ன இது?” என்று இவர் கேட்க, “ஒன்றும் இல்லை ஐயா, கூட்டழைப்புக்கான எண்” என்றார் அந்த ஆள். இரண்டு அழைப்புகளும் துண்டிக்கப்பட்டன. சில நிமிடங்களில், உங்கள் எண் வேறொரு கைப்பேசியில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்று வாட்சாப் திரை காட்டியது.

மறுமுனையில் என்ன நடந்துகொண்டிருந்தது

அந்த ஆளின் கையில் இன்னொரு கைப்பேசி இருந்தது. அதில் புதிதாக வாட்சாப்பை நிறுவி, கிராணியாரின் எண்ணைத் தட்டச்சு செய்திருந்தார். எண் உண்மையாகவே அவருடையதுதானா என்று உறுதிப்படுத்த, வாட்சாப் அந்த எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீட்டைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். பேச்சின் நடுவே அதிர்ந்தது அதுதான். அது கிராணியாரின் கைப்பேசிக்குத்தான் போகும். திருடனால் பார்க்க முடியாது.

குறுஞ்செய்தி கிடைக்காதவர்களுக்காக வேறொரு வழியும் வைத்திருக்கிறார்கள். அழைப்பு மூலம் குறியீட்டைச் சொல்லும் வழி. இது நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடு. குறுஞ்செய்தி சரியாக வராத இடங்களிலும், எழுத்துப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் உதவும். ஆனால் அந்தப் பொத்தான் உடனே வேலை செய்யாது. குறுஞ்செய்தி அனுப்பிய பிறகு கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். திரையில் நேரம் குறைந்துகொண்டே வரும். அன்னதானத்துக்கு எத்தனை பேர், ரசீது உண்டா என்று அவ்வளவு நேரம் பேசியது அதற்குத்தான். நேரம் ஓடி முடிந்ததும் பொத்தானைத் தொட்டார். கணினி கிராணியாரை அழைத்தது. “தலைவர் இப்போது அழைப்பார்” என்று அவர் அத்தனை துல்லியமாகச் சொன்னது இப்படித்தான்.

அந்தக் கணினிக்குக் கண் இல்லை. எண்ணுக்குச் சொந்தக்காரர் அழைப்பை எடுத்தார், அவர் காதில் குறியீட்டைச் சொன்னோம் என்பதே அதன் கணக்கு. அதே கம்பியில் இன்னொரு காதும் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இணைப்பதற்குக் கொஞ்சம் தாமதமானாலும் திருடனுக்குக் கவலை இல்லை, ஏனென்றால் குரல் குறியீட்டை ஒருமுறைக்கு மேல் சொல்லும். கிராணியார் யாரிடமும் குறியீட்டைச் சொல்லவில்லை. “குறியீட்டை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்ற எச்சரிக்கையை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். அவர் வாய் திறக்கவேயில்லை. குறியீடு நேராகத் திருடன் காதுக்குப் போனது. இந்த வழியின் கொடுமையே இதுதான் என்று நான் நினைக்கிறேன். எச்சரிக்கையாக இருக்கிறவர்களும் விழுகிறார்கள், பிறகு தங்களைத் தாங்களே நொந்துகொள்கிறார்கள்.

இந்தியாவில் இதே வழியில் வங்கிப் பணப் பரிமாற்றக் குறியீடுகளைப் பிடிக்கிறார்கள் என்று யுபிஐ என்ற அங்குள்ள பணப் பரிமாற்ற அமைப்பினர் 2025 பிப்ரவரியில் எச்சரித்தார்கள். நம் மலேசியாவில் நிலைமை சற்று வேறு. வங்கிகள் குறுஞ்செய்தி டிஏசி எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாற வேண்டும் என்று பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்தது. இப்போது பெரும்பாலும் வங்கியின் செயலிக்குள்ளேயே ஒப்புதல் கேட்கிறார்கள். செயலியில் வரும் ஒப்புதலை அழைப்பை இணைத்துக் கேட்க முடியாது. அதனால்தான் என் கடைக்கு வருகிறவர்கள் இழப்பது முதலில் வாட்சாப் கணக்கை; பணம் அதன் பிறகு, அவர்களுடைய சொந்தக்காரர்களிடமிருந்து போகிறது. குரல் அழைப்பில் குறியீடு சொல்லும் மின்னஞ்சல் கணக்குகளுக்கும் வேறு செயலிகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

அழைப்பு வரும்போது எதைக் கவனிப்பது

முதல் அடையாளம் அந்தக் குறுஞ்செய்தி. நீங்கள் கேட்காமலே ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்தால், யாரோ எங்கோ உங்கள் எண்ணைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்று பொருள். பேசிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தால், காதிலிருந்து எடுத்து ஒரு பார்வை பாருங்கள். குறியீடு என்று கண்டால் அழைப்பை அங்கேயே துண்டியுங்கள். மரியாதைக் குறைவாகிவிடுமே என்று தயங்க வேண்டாம்.

இரண்டாவது, “இன்னொருவர் உங்களை அழைப்பார்” என்ற பேச்சு. மூவராகப் பேச உண்மையாகவே விரும்புகிறவர், தம் கைப்பேசியிலிருந்தே மூன்றாமவரை அழைத்து இணைத்துக்கொள்ளலாம். அது அவருக்கு மிகவும் சுலபம். அந்த வேலையை உங்களிடம் விடுவதற்குக் காரணம் ஒன்றுதான்: குறியீடு உங்கள் எண்ணுக்கு மட்டுமே வரும். ஆகவே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நீங்களே தலைவரை அழைத்து, உங்கள் பக்கத்தில் இணையுங்கள்.” நேர்மையானவர் சரி என்பார். மற்றவர் ஏதாவது காரணம் சொல்வார். கைப்பேசியில் வசதி இல்லை, கட்டணம் ஆகும், தலைவருக்கு நேரம் இல்லை என்று.

மூன்றாவது, சாதாரண அழைப்பில் வரச்சொல்லும் பிடிவாதம். வாட்சாப் அழைப்பையும் சாதாரண அழைப்பையும் ஒன்றாக இணைக்க முடியாது. குறியீடு சொல்லும் கணினி சாதாரண அழைப்பில்தான் வரும் என்பதால், திருடனும் சாதாரண அழைப்பில்தான் இருந்தாக வேண்டும். நீங்கள் “வாட்சாப்பில் அழையுங்கள்” என்று சொன்னால் அவருக்கு அது உதவாது. ஏதாவது சொல்லி மறுப்பார்.

இவ்வளவையும் அந்த நேரத்தில் நினைவில் வைத்திருக்க முடியாதவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் விதி ஒன்றுதான். நீங்களே எண்ணைத் தட்டி அழைத்த அழைப்பை மட்டும் இணையுங்கள். தானாக உள்ளே வந்த அழைப்பை, யார் சொன்னாலும் இணைக்காதீர்கள். தலைவரோடு பேச வேண்டுமா? முதல் அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் தலைவரின் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். கிராணியார் அன்று அப்படிச் செய்திருந்தால், பூசைக்குத் தட்டு எடுத்துக்கொண்டிருந்த தலைவர் “அன்னதானமா? எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்று சொல்லியிருப்பார்.

இரண்டாவது அழைப்பே வரவேண்டாம் என்று நினைப்பவர்கள் காத்திருப்பு வசதியை நிறுத்திவிடலாம். சாதாரணமாக எண்ணை அழுத்துவது போல இதை அழுத்தி அழைத்தால் போதும்:

```
#43#
```

மறுபடியும் வேண்டுமென்றால் `*43#`. எல்லாருக்கும் இதை நான் பரிந்துரைப்பதில்லை. மருத்துவமனையிலிருந்தோ பிள்ளைகளிடமிருந்தோ அவசர அழைப்பு வரும்போது உங்கள் இணைப்பு தடைப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப்பார்த்துச் செய்யுங்கள். தனியாக இருக்கும் வயதான பெற்றோர் ஓரிருவருக்கு, அவர்கள் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் செய்து கொடுத்திருக்கிறேன்.

குறியீடு போனாலும் கதவு திறக்காமலிருக்க

இதை இன்றே செய்துவிடுங்கள். வாட்சாப்பைத் திறந்து “Settings”, அதில் “Account”, அதில் “Two-step verification” என்று போங்கள். “Turn on” என்பதைத் தொட்டால் ஆறு இலக்க எண் ஒன்றைக் கேட்கும். இது நீங்களே வைத்துக்கொள்ளும் இரகசிய எண். குறுஞ்செய்தியில் வரும் குறியீடு வேறு, இது வேறு. இந்த எண்ணை எந்தக் கணினியும் அழைத்துச் சொல்லாது. உங்கள் மனத்தில் மட்டுமே இருக்கும். திருடன் அழைப்பை இணைக்க வைத்துக் குறியீட்டைப் பிடித்தாலும், அடுத்த திரையில் இந்த எண்ணைக் கேட்டு வாட்சாப் அவரை நிறுத்திவிடும்.

பிறந்த தேதியை வைக்காதீர்கள். அடையாள அட்டையின் முதல் ஆறு எண்களும் பிறந்த தேதிதான். அதை எத்தனையோ இடங்களில் எழுதிக் கொடுத்திருப்போம். பிறகு மின்னஞ்சல் முகவரி கேட்கும். மின்னஞ்சல் இல்லாதவர்கள் தாண்டிவிடலாம். ஆனால் இரகசிய எண்ணை மறந்துவிட்டால் மீட்க உதவுவது அந்த மின்னஞ்சல்தான். பெரியவர்களுக்கு நான், நம்பிக்கைக்குரிய மகன் அல்லது மகளின் முகவரியைப் போடச் சொல்வேன். அவ்வப்போது வாட்சாப்பே இந்த எண்ணைக் கேட்கும். நீங்கள் மறந்துவிடாமலிருக்கத்தான் கேட்கிறது. செயலிக்குள் கேட்டால் போடுங்கள். தொலைபேசியில் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

இணைத்துவிட்டீர்களா? அடுத்த சில நிமிடங்கள்

இயந்திரக் குரல் எண்களைச் சொல்லத் தொடங்கிவிட்டது என்று தெரிந்த நொடியில் சிவப்புப் பொத்தானைத் தொட்டு எல்லாவற்றையும் துண்டியுங்கள். ஆறில் மூன்று எண்களைத்தான் அவர் கேட்டிருந்தார் என்றால் அவருக்கு அது பயன்படாது. குரல் வருவதற்குள் துண்டித்துவிட்டால் இன்னும் நல்லது.

குறியீடு முழுவதும் போய்விட்டிருந்தால், வாட்சாப்பைத் திறந்து உங்கள் எண்ணை நீங்களே மறுபடியும் பதிவு செய்யுங்கள். புதிய குறியீடு உங்கள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும். சிம் அட்டை இன்னும் உங்களிடம் இருக்கிறது. அதுதான் உங்கள் பலம். அந்தக் குறியீட்டைப் போட்ட உடனே திருடன் வெளியேற்றப்படுவார். ஆனால் பலமுறை குறியீடு கேட்கப்பட்டிருந்தால், புதியது அனுப்ப வாட்சாப் உங்களைக் காக்க வைக்கும். பதற்றத்தில் திரும்பத் திரும்பத் தொடாதீர்கள். தப்பான எண்ணையும் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தவறும் காத்திருக்கும் நேரத்தை நீட்டும்.

கிராணியார் சனிக்கிழமை காலை என் கடைக்கு வந்தார். கை நடுங்கியது. முதலில் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். காத்திருப்பு முடிந்து குறியீடு வந்தது, போட்டோம். அடுத்த திரை இரகசிய எண்ணைக் கேட்டது. அவர் அப்படி ஒன்றை வைத்ததே இல்லை. திருடன் உள்ளே போனதும் தன்னுடைய எண்ணை வைத்துப் பூட்டியிருந்தான். இந்தத் திரையைப் பார்த்து எல்லாம் போயிற்று என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கைவிட வேண்டியதில்லை. குறுஞ்செய்திக் குறியீட்டை நீங்கள் சரியாகப் போட்ட அந்தக் கணமே திருடன் வெளியே போய்விட்டான். அவனாலும் இப்போது உங்கள் பெயரில் எழுத முடியாது. இரகசிய எண் தெரியாததால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு நாள் கழித்து அந்த எண் இல்லாமலே உள்ளே போகலாம். அவருடைய பழைய செய்திகளைத் திருடன் படித்திருக்க முடியாது. அவை அவருடைய கைப்பேசியில்தான் இருந்தன. இதைச் சொன்ன பிறகுதான் அவர் தேநீரைக் குடித்தார்.

உள்ளே வந்ததும் “Linked devices” பகுதியைத் திறந்து, நீங்கள் அறியாத கணினியோ கைப்பேசியோ அங்கே இருந்தால் வெளியேற்றுங்கள். பிறகு உங்கள் சொந்த இரகசிய எண்ணை வையுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணக்கு பறிபோனது என்று தெரிந்தவுடன், குடும்பத்தில் இருவருக்கும் கோயில் அல்லது சங்கத் தலைவருக்கும் சாதாரண அழைப்பில் சொல்லிவிடுங்கள். “என் வாட்சாப்பிலிருந்து பணம் கேட்டால் நான் இல்லை” என்ற ஒரு வாக்கியம் போதும். அவர்கள் குழுக்களில் பரப்பிவிடுவார்கள். கிராணியார் வெட்கப்பட்டு அன்று இரவு யாரிடமும் சொல்லவில்லை. திருடனுக்கு அந்த இரவு கிடைத்தது.

பணம் கேட்டு வந்தால்

அந்த இரவில் அவர் பெயரில் பலருக்குச் செய்தி போயிருக்கிறது. “அவசரமாக 300 வெள்ளி வேண்டும், நாளைக் காலை தருகிறேன்.” கூடவே ஒரு வங்கிக் கணக்கு எண். ஈப்போவில் இருக்கும் அவருடைய அக்காள் மகன் உடனே அனுப்பிவிட்டான். மாமா ஒருநாளும் கேட்டதில்லை, கேட்கிறார் என்றால் கஷ்டம்தான் என்று நினைத்தானாம். தம்பி மகள் மட்டும், “பெரியப்பா, பணம் வேண்டுமா?” என்று சாதாரண அழைப்பில் கேட்டாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

டூயிட்நவ் வழியாகப் பணம் அனுப்பும்போது, உறுதி செய்வதற்கு முன்பு பெறுபவரின் பெயரைத் திரை காட்டும். அக்காள் மகன் அன்று கண்ட பெயர் மாமாவின் பெயரல்ல. முன்பின் தெரியாத ஒருவருடையது. “மாமாவின் நண்பராக இருக்கும்” என்று எண்ணிக்கொண்டான். பெயர் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கணக்கு எண்ணைக் காவல் துறையின் செமாக் மியூல் தளமான `semakmule.rmp.gov.my` இல் தட்டிப் பார்க்கலாம். ஏற்கெனவே புகார் வந்த கணக்காக இருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக அது நல்ல கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். முதல் புகார் உங்களுடையதாகவே இருக்கலாம்.

பணம் அனுப்பியவர், தாம் ஏமாந்தது தெரிந்தவுடன் 997-ஐ அழைக்க வேண்டும். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. பணம் அனுப்பியவரின் வங்கியையும் அதன் அவசர எண்ணில் அழைக்க வேண்டும். திருடர்கள் பணத்தை ஒரு கணக்கில் விட்டு வைப்பதில்லை. அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு என்று வேகமாக நகர்த்துவார்கள். அது நகர்வதற்குள் பிடித்தால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. மறுநாள் காலை வரை காத்திருப்பது பெரும்பாலும் பணத்தை விட்டுக்கொடுப்பதுதான். பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அழைத்த எண், அழைப்பு வந்த நேரம், குறுஞ்செய்தி, பணம் போன கணக்கு எண், பெறுபவர் பெயர் இவற்றைத் திரையோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு போனால் எழுதுவது எளிது. எதையும் அழித்துவிடாதீர்கள். அழைப்புப் பட்டியலில் இரண்டு அழைப்புகளும் அடுத்தடுத்து, சில நிமிட இடைவெளியில் நிற்கும். நடந்ததை அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

கிராணியாரும் அக்காள் மகனும் சேர்ந்து சனிக்கிழமை மதியம் புகார் கொடுத்தார்கள். 300 வெள்ளி திரும்பவில்லை. அடுத்த சனிக்கிழமை மாலை, ஏழு நாள் முடிந்ததும், பெரியவர் மறுபடியும் கடைக்கு வந்தார். கணக்கைத் திறந்தோம். புதிய இரகசிய எண்ணை என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தாமே அழுத்தினார். மகளின் மின்னஞ்சலைச் சேர்த்தார். பிறகு கோயில் குழுவில் தம் குரலிலேயே பதிவு செய்து, அன்று நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். அதைக் கேட்ட மறுநாளே, தமக்கும் அதேபோல் அன்னதான அழைப்பு வந்ததாகவும் இணைக்காமல் துண்டித்துவிட்டதாகவும் அந்தக் குழுவிலிருந்து ஓர் அம்மா என்னை அழைத்துச் சொன்னார். இரகசிய எண்ணை எங்கே போய் வைப்பது என்று கேட்கத்தான் அழைத்திருந்தார்.